கரும்புச் சாறு, இளநீர், கோலா: கார்ப் கணக்கில் எதை எப்படி எழுதுவது?

மூன்றுக்கும் கணக்கு ஒன்றுதான்: 100 மி.லி.யில் எத்தனை கிராம் கார்ப், அதாவது கார்போஹைட்ரேட், நாம் குடித்தது எத்தனை மி.லி. இந்த இரண்டு எண்களும் கோலாவில் பாட்டில் மேலேயே இருக்கின்றன. இளநீரில் அளவு தெரியாது. கரும்புச் சாற்றில் இரண்டுமே தெரியாது. அதனால்தான் கணக்கு அதிகம் இடிப்பது கரும்புச் சாற்றில்.

கோலாவை முதலில் முடித்துவிடலாம். 100 மி.லி.க்கு 10 முதல் 11 கிராம். லேபிளில் இருப்பது 100 மி.லி.க்கான எண். அதையே முழு பாட்டிலுக்கும் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. 250 மி.லி. பாட்டில் என்றால் ஏறக்குறைய 27 கிராம்.

கரும்புச் சாறு இயற்கையானது என்பதால் பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டி அதில் 100 மி.லி.க்கு 13 முதல் 15 கிராம் சர்க்கரை என்கிறது, அதாவது கோலாவைவிட அதிகம். இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ப்பதால் இது குறைந்துவிடாது. கணக்கை மாற்றுவது ஐஸ்தான். 250 மி.லி. டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ் என்றால் சாறு 170 மி.லி. அளவுதான், 22 முதல் 25 கிராம் வரும். சுத்தத்துக்குப் பயந்து “ஐஸ் வேண்டாம்ணா” என்று சொன்னால் அதே டம்ளர் நிறையச் சாறு. 32 முதல் 37 கிராம். கரும்புக்குக் கரும்பு இனிப்பு மாறும் என்பதால் 15 என்றே வைத்து எழுதுவது நல்லது.

இளநீரில் 100 மி.லி.க்கு சுமார் 4 கிராம். ஒரு காயில் 250 மி.லி.யும் இருக்கும், 400 மி.லி.யும் இருக்கும், அதாவது 10 முதல் 16 கிராம். வீட்டில் ஒருமுறை அளவு டம்ளரில் ஊற்றிப் பார்த்தால் கண் பழகிவிடும். நன்னாரி சேர்த்த இளநீர் சர்பத் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, சிரப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரில் சர்க்கரையைவிடப் பொட்டாசியம்தான் பெரிய கவலை. மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

மாலைச் சிற்றுண்டிக்கு 15 கிராம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர இளநீர் முழுதாக அதற்குள் அடங்கும். கோலாவில் 140 மி.லி., கரும்புச் சாற்றில் 100 மி.லி. மட்டுமே. கடையில் ஐஸ் இல்லாமல் அரை டம்ளர் கேட்டு வாங்கினாலும் அதைத் தாண்டிவிடும். என் தேர்வு இளநீர்தான்.

ஒரே ஒரு நேரத்தில் இந்த வரிசை தலைகீழாகும். இன்சுலின் போடுபவருக்கு ரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே போனால் 15 கிராம் உடனே வேண்டும். அப்போது 150 மி.லி. சாதாரண கோலா கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இளநீர் என்றால் அதே 15 கிராமுக்கு முழுக் காயையும் குடித்தாக வேண்டும், அதிலும் அளவு நிச்சயமில்லை. டயட் கோலா சர்க்கரையை ஏற்றவே ஏற்றாது. பதற்றத்தில் அந்த பாட்டிலை எடுத்துவிடாதீர்கள்.