"மதிப்பூதியம் விதிப்படி வழங்கப்படும்" என்று கடிதம் வந்தால் கவனம்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி என்னை ஓலைச்சுவடிப் பாதுகாப்புப் பயிலரங்கு நடத்தக் கூப்பிட்டது. போனில் பேசியது தெளிவாகத்தான் இருந்தது: 30 மாணவர்கள், முழுநாள் செய்முறை, 10,000 ரூபாய், சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் மூன்றடுக்கு ஏசியில் போக வரக் கட்டணம். ஆனால் அழைப்புக் கடிதத்தில் தலைப்பு வெறும் "ஓலைச்சுவடிகள்". பணத்தைப் பற்றி, "மதிப்பூதியமும் பயணப்படியும் கல்லூரி விதிப்படி வழங்கப்படும்" என்று ஒரே வரி. கேட்டதற்கு ஒருங்கிணைப்பாளர், "அது வழக்கமா போடுற வாசகம் சார், நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

போய்ப் பார்த்தால் அரங்கம் நிறைய மாணவர்கள், எனக்கு மேடையும் மைக்கும். மென்தூரிகை, பஞ்சு, ஆல்கஹால், எலுமிச்சைப்புல் எண்ணெய் என்று முன்கூட்டியே அனுப்பிய பட்டியலில் ஒன்றுகூட வாங்கவில்லை. ஓலையைத் தூசி தட்டி, துடைத்து, எண்ணெய் பூசுவதை மேடையிலிருந்து கற்றுத்தர முடியாது. எழுத்தாணியால் கீறிய ஓலையா, மையால் எழுதியதா என்று முதலில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மை எழுத்து என்றால் துடைக்கிற துடைப்பில் எழுத்தே போய்விடும். வந்த பிள்ளைகளுக்கு அன்று கிடைத்தது ஒரு சொற்பொழிவு மட்டும். எனக்கு அதில்தான் அதிக வருத்தம்.

சாயங்காலம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதை நீட்டினார்கள். தொகை எழுதும் இடம் காலி. தொகை இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "அப்போ அப்புறம் அனுப்புதோம்" என்று திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பல வாரம் கழித்து வங்கியில் வந்தது 2,700 ரூபாயும் ஸ்லீப்பர் கட்டணமும். விதிப்படி ஓர் அமர்வுக்கு 1,500, காலை மாலை இரண்டு அமர்வு, அதில் 10 சதவீதம் வரிப் பிடித்தமாம்.

அந்தப் பிடித்தமே தேவையில்லாதது. தொழில்முறைக் கட்டணத்தில், ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தருவது 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும் (2025 மார்ச் வரை அந்த வரம்பு 30,000). பிடித்த பணம் அரசுக்குப் போயிருந்தால் நம் பான் எண்ணின் கீழ் வருமான வரித் துறையின் வருடாந்திர வரி அறிக்கையில் தெரியும். அந்தக் காலாண்டின் வரிப் பிடித்தக் கணக்கைக் கல்லூரி தாக்கல் செய்ய வேண்டிய நாளுக்குப் பிறகும் பார்த்தேன், 300 ரூபாய் அதில் இல்லை. கேட்டு அனுப்பிய கடிதத்துக்கும் பதில் இல்லை.

இப்போதெல்லாம் போனில் பேசி முடித்ததும் நானே ஒரு மெயில் போட்டுவிடுகிறேன்: முழுநாள் செய்முறை, 30 பேருக்கு மேல் வேண்டாம், பொருள் பட்டியல் இணைப்பில், கட்டணம் ஒரு நாளுக்கு மொத்தமாக 10,000, அமர்வுக் கணக்கு இல்லை, ரயில் வகுப்பு இன்னது, பணம் வரும் தேதி இன்னது, நீங்கள் தேதியை மாற்றினால் டிக்கெட் ரத்துச் செலவு உங்களுடையது. முதல்வர் அலுவலகத்திலிருந்து "சம்மதம்" என்று பதில் வந்த பிறகுதான் டிக்கெட் எடுக்கிறேன்.