சிம் கார்டுக்கு 59 ரூபாய், போன நம்பருக்குக் கடைசி பில்

டொராண்டோவிலிருந்து தஞ்சாவூர் போகும்போதெல்லாம் என் போஸ்ட்பெய்டு நம்பர்தான் பேங்க் ஓடிபிக்கு உதவும். இந்த முறை அந்த சிம் வேலை செய்யவில்லை. ஷோரூமில் ஆதாரைக் காட்டியதும் புது சிம் கொடுத்தார்கள். "இப்ப பணம் வேணாம் சார், அடுத்த பில்லுல வந்துடும்" என்றார் கவுண்டரில் இருந்த பையன். எவ்வளவு என்று கேட்டேன்: 50 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

சிம் மாற்றினால் பாதுகாப்புக்காக 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. பேங்க் வேலைக்கு மறுநாள்தான் போக முடிந்தது.

மாத வாடகை 399 அதிகமாகத் தெரிந்ததால் வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று PORT என்று அடித்து, இடைவெளி விட்டு, நம்பரைச் சேர்த்து 1900க்கு அனுப்பினேன். மறுத்துவிட்டது. சிம் மோசடியைத் தடுக்க 2024 ஜூலையிலிருந்து இருக்கும் விதி இது: சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் போர்ட் கோட் கிடைக்காது. குறுகிய விடுமுறையில் வருகிறவர்கள் இரண்டையும் செய்ய நினைத்தால் முதல் வாரமே சிம்மை மாற்றிவிடுவது நல்லது. வந்த கோட் நான்கு நாள் செல்லுபடியாகும், அதே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மாற மூன்று வேலை நாள் ஆகும்.

போஸ்ட்பெய்டில் பில் பாக்கி இருந்தால் கோட் தரமாட்டார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது ஏற்கெனவே போட்ட பில்லை மட்டும்தான். என் சிம் கட்டணம் பில் தேதிக்குப் பிறகு ஏறியது, அதனால் ஏழு நாள் கழித்துக் கேட்டபோது போர்ட் தடையின்றி நடந்தது. நான் டொராண்டோ திரும்பியபின் பழைய கம்பெனியின் கடைசி பில் மெயிலில் வந்தது. அரை மாத வாடகை 199.50, சிம் 50, இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி 44.91, மொத்தம் 294.41. கணக்கு சரிதான். சிம்முக்கு மட்டும் பார்த்தால் 59.

போர்ட் கட்டணம் அதில் இருக்கக்கூடாது, இருக்கவும் இல்லை. அதை வாங்கும் உரிமை புதிய கம்பெனிக்குத்தான், அதுவும் 6.46 ரூபாய்க்குள். என் புது பில்லில் அது வரியோடு 7.62 என்று இருந்தது. பல கம்பெனிகள் ஆளைப் பிடிக்க இதையும் விட்டுவிடுவார்கள். பழைய கம்பெனி பில்லில் 'போர்ட்' என்று ஒரு வரி வந்தால் அந்தக் கம்பெனியிடமே புகார் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

294 ரூபாய்தானே, நம்பர்தான் போய்விட்டதே என்று விட்டுவிட முடியாது. பாக்கி இருந்தால் பழைய கம்பெனி புதிய கம்பெனி மூலமாகவே நம்பரைத் துண்டிக்கச் சொல்லலாம். ஓடிபி வரும் நம்பர் அப்படிப் போனால், கடல் தாண்டி இருந்துகொண்டு மீட்பது பெரும்பாடு. மெயிலில் இருந்த கட்டண லிங்க் என் கனடா கார்டை ஏற்கவில்லை. அப்புறம் ஊரில் இருக்கும் தம்பியிடம் சொல்லி யுபிஐயில் கட்டவைத்து, ரசீதை வாங்கி வைத்துக்கொண்டேன்.