‘ரெகுலேட்டர் நல்லாயிருக்கு’ என்று சொல்லி பேட்டரி மேல் பேட்டரி விற்கிறார்கள், உஷார்

ஒரு பைக்கின் பில்களைப் பார்க்க நேர்ந்தது. பேட்டரி இறங்குகிறது என்று புகார். புது பேட்டரி போட்டார்கள். சில வாரத்தில் அதுவும் படுத்துவிட்டது. ‘பீஸ் சரியில்லை’ என்று இன்னொரு பேட்டரி. மூன்றாம் முறை வண்டி போனபோது, ஏசியை டிசியாக்கி பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டரைக் கழற்றி டயோடு பார்த்தார்கள், சரி. இன்ஜினில் மேக்னட் சுற்றும்போது அந்த ஏசியைத் தரும் காயில் கட்டான ஸ்டேட்டருக்கு ஓம் பார்த்தார்கள், அதுவும் சரி. பில்லில் ‘சார்ஜிங் செக் ஓகே’ என்று எழுதி, ‘நீங்க கிட்டத்துல மட்டும் ஓட்டுறீங்க, அதான் சார்ஜ் ஏறல’ என்று வண்டிக்காரர் மேலேயே பழியைப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அந்த இரண்டு சோதனையும் பொய்யில்லை. ஆனால் இரண்டுமே இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஓடாமல் நிற்கும்போது செய்தவை. இந்தக் கோளாறு சூட்டில், ஓட்டத்தில் மட்டும் தலைகாட்டும் ரகம்.

முதலில், வண்டி நிற்கும்போதே கரண்ட் கசிகிறதா என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சாவியை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரை டிசி ஆம்பியரில் வையுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கட்டும். கடிகாரம், அலாரம் உள்ள வண்டியில் சில மில்லி ஆம்பியர் காட்டுவது இயல்பு. நூற்றுக்கணக்கில் காட்டினால் கசிவு வேறெங்கோ இருக்கிறது, ஸ்டேட்டரைத் தேட வேண்டாம். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். இந்த வண்டியில் கசிவு இல்லை.

அடுத்து, சிவப்பு ஒயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டு, பேட்டரி முனைகளில் டிசி வோல்ட் பார்க்க வேண்டும். முழு சார்ஜில், ஓய்வில் 12.6 முதல் 12.8. ஹெட்லைட் எரிய, 5000 ஆர்பிஎம் சுமாரில் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். இந்த வண்டி குளிரில் 14.2 காட்டியது. ஒர்க்‌ஷாப்பில் இதை அளந்திருந்தாலும் ‘சரி’ என்று இங்கேயே நிறுத்தியிருப்பார்கள். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து அதே ஆர்பிஎம்மில் பார்த்தால் 12.5. அப்படியென்றால் அந்த நேரத்தில் வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டுதான் ஓடுகிறது.

இதைப் பார்த்ததும் ரெகுலேட்டர்மேல் சந்தேகம் வருவது நியாயம், அதுவும் சூட்டில் மக்கர் செய்யும். அதனால்தான் அதைக் கணக்கிலிருந்தே விலக்கிவிட்டு ஸ்டேட்டரைத் தனியாக அளக்க வேண்டும். இன்ஜினை அணைத்து, ஸ்டேட்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் கப்ளரைப் பிரியுங்கள். மூன்று பேஸ் வண்டிகளில் ஒரே நிறத்தில் மூன்று ஒயர் வரும், பெரும்பாலும் மஞ்சள். கப்ளரில் பின் கருகியோ பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். அதுவே தனியாக ஒரு நோய்.

ஓம் சோதனை எளிது, ஆனால் ஏமாற்றும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் அளவைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு அளவிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். இங்கே முனைகளுக்கு 0.3 ஓம், ஒயர் ஜோடிகளுக்கு 0.7, 0.7, 0.7. கழித்தால் 0.4. ஒரு காயிலில் பாதிச் சுற்று ஷார்ட் ஆனால்கூட 0.4 என்பது 0.3 ஆகத்தான் மாறும். சாதாரண மீட்டரில் அந்த ஒரு புள்ளி வித்தியாசம் முனையை அழுத்திப் பிடிப்பதிலேயே வந்துவிடும். ஆகவே இந்தச் சோதனை ஒயர் அறுந்திருப்பதைப் பிடிக்கும், சுற்று ஷார்ட்டைப் பிடிக்காது. ஒவ்வொரு ஒயருக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே பார்ப்பது அவசியம்: இணைப்பே இல்லை என்று பொருள்படும் OL காட்ட வேண்டும். ஏதாவது ஓம் காட்டினால் காயில் பாடியைத் தொடுகிறது, வேறு விசாரணை தேவையில்லை.

தீர்ப்பு சொல்வது ஏசி சோதனைதான். கப்ளர் பிரிந்தே இருக்கட்டும். மீட்டரை ஏசி வோல்ட்டில், 200 ரேஞ்சில் வைத்து இன்ஜினை ஓட்டுங்கள். மூன்று ஒயருக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்துக்கொண்டு 1–2, 2–3, 3–1 என மூன்று ஜோடியையும் ஒரே ஆர்பிஎம்மில் அளக்க வேண்டும். 5000 ஆர்பிஎம்மில் 50 வோல்ட்டுக்கு மேல் வருவது வழக்கம். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எண்ணைவிட முக்கியம் மூன்றும் ஒத்துப்போவது. ஷாக் அடிக்கும் அளவு வோல்ட் என்பதால் உலோக முனையில் விரல் படக்கூடாது. பின்கள் ஒன்றோடொன்றோ பாடியோடோ உரசக்கூடாது. பேட்டரியிலேயே ஓடுவதால் அளந்ததும் அணைத்துவிடுங்கள்.

இந்த வண்டியில் குளிரில் 60, 60, 59. குறையே இல்லை. சூடேறிய பின் அதே ஆர்பிஎம்மில் 1–2 ஜோடியில் 46, 2–3 ஜோடியில் 60, 3–1 ஜோடியில் 45.

இரண்டு ஜோடி விழுந்து ஒன்று மட்டும் நிற்பதைக் கவனியுங்கள். விழுந்த இரண்டுக்கும் பொதுவான ஒயர் 1. மூன்று காயிலின் ஒரு முனையும் நடுவில் ஒன்றாகச் சேரும் ஸ்டார் முறையில் சுற்றிய ஸ்டேட்டரில், அந்த ஒயரின் காயில்தான் குற்றவாளி. சூட்டில் கம்பி விரிந்து, வார்னிஷ் போன இடத்தில் பக்கத்துச் சுற்றோடு தொடுகிறது. தொட்ட சுற்றுகள் தமக்குள்ளேயே கரண்ட்டைச் சுழற்றி இன்னும் சூடாகின்றன. ஆறியதும் விலகி, ஒர்க்‌ஷாப்பில் நல்ல பிள்ளையாக நிற்கின்றன. இப்படி ஒரு காயில் இருக்கும்வரை எந்தப் புது பேட்டரி போட்டாலும் அது பாதி சார்ஜிலேயே கிடந்து சல்ஃபேட் பிடித்துச் சாகும். இரண்டு பேட்டரி போனதற்குக் கணக்கு அதுதான்.

மூன்று ஜோடியும் சமமாகக் குறைந்திருந்தால் அவசரப்பட்டு ஸ்டேட்டர் வாங்கிவிட வேண்டாம். மூன்று பேஸும் ஒரே அளவில் கெடுவது அரிது. ஆர்பிஎம் போதவில்லையா, மேக்னட் வலுவிழந்ததா என்று பாருங்கள். மூன்றும் சூட்டிலும் சரியாக இருந்து பேட்டரியில் மட்டும் வோல்ட் விழுந்தால்தான் பழி ரெகுலேட்டர் மேலோ அதன் ஒயர், எர்த் மேலோ விழும்.

ஒன்று சொல்ல வேண்டும்: இதெல்லாம் மூன்று பேஸ் ஸ்டேட்டருக்கு. ஹெட்லைட் நேராக ஏசியில் எரியும் பழைய ஒற்றை பேஸ் வண்டிகளில் ஒயர்களும் அளவுகளும் வேறு. அங்கே ஒரு முனை பாடியோடு இணைந்தே இருக்கலாம், அதைப் பார்த்து ஷார்ட் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

வண்டியை விடும்போது ‘சார்ஜிங் பாருங்க’ என்று பொதுவாகச் சொல்லாமல், கப்ளர் பிரித்து, இன்ஜின் சூட்டில், மூன்று ஜோடி ஏசி வோல்ட்டையும் ஆர்பிஎம்மோடு பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அளக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ரீவைண்டிங் என்றால் கழற்றிய ஸ்டேட்டரை முதலில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காயில் மேலேயே வார்னிஷ் பூசிப் புதிதென்று தருவதும், மெல்லிய கம்பியில் சுற்றுவதும் நடக்கிறது. மெல்லிய கம்பியை ஏசி வோல்ட் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் வோல்ட் சுற்றின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதனால் மாட்டியபின் இருபது நிமிடம் ஓட்டி, ஹெட்லைட் போட்டு, பேட்டரி முனையில் 13.8க்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.