கார்டு இல்லாமல் ஸ்கேன் செய்து பணம் எடுக்கிறீர்களா? எனக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஏ.டி.எம். திரையில் வரும் க்யூஆர் கோடை யு.பி.ஐ. செயலியில் ஸ்கேன் செய்துதான் சில மாதங்களாகப் பணம் எடுத்து வந்தேன். போன மாதம் 3ஆம் தேதி சாயங்காலம் 5,000 ரூபாய் சிக்கிக்கொண்டது. திரும்பி வர பதினோரு நாள் ஆனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இயந்திரம் வேறொரு வங்கியுடையது. தொகையை அழுத்தினேன், கோடு வந்தது, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டேன். போனில் பச்சை டிக் விழுந்துவிட்டது. ஆனால் இயந்திரத்தின் திரையில் அதே கோடு அப்படியே நின்றது. நோட்டு எண்ணும் சத்தம் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் 'நேரம் முடிந்தது' என்று காட்டிவிட்டு முதல் திரைக்குப் போய்விட்டது.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். பின்னால் ஆட்கள் நின்றதால், பணம் போயிருக்காது என்று நினைத்து உடனே இன்னொரு முறை 5,000 போட்டேன். இந்தத் தடவை பணம் வந்தது. வெளியே வந்து குறுஞ்செய்தியைப் பார்த்தால் இரண்டு முறையும் கணக்கில் கட் ஆகியிருக்கிறது. முதல் தடவை என் வங்கி பணத்தைக் கழித்துவிட்டது. 'கொடுக்கலாம்' என்ற பதில் மட்டும் இயந்திரத்துக்கு நேரத்துக்குள் போய்ச் சேரவில்லை. கார்டு போட்டு எடுத்தாலும் இப்படி நடப்பதுண்டு. ஆனால் இதில் டிக் விழுவது போனில், பணம் வருவது இயந்திரத்தில். டிக் வந்தது என்பதற்காகப் பணம் வந்ததாக ஆகாது.

மறுநாள் அந்த இயந்திரத்தின் வங்கிக் கிளைக்குப் போனேன். "கார்டு நம்பர் சொல்லுங்க சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். கார்டே போடவில்லை என்றேன். "அப்ப எங்களால தேட முடியாது, உங்க பேங்க்ல கேளுங்க" என்று அனுப்பிவிட்டார். பேசிய விதம் சரியில்லை, ஆனால் அவர் சொன்ன வழி சரிதான். எந்த வங்கியின் இயந்திரமாக இருந்தாலும் புகாரைக் கணக்கு இருக்கும் வங்கியில்தான் கொடுக்க வேண்டும்.

என் வங்கி செய்ததுதான் கோபத்தைக் கிளப்பியது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் இதைக் கடைக்குப் பணம் அனுப்பிய புகாராகப் பதிந்துவிட்டார். இரண்டு நாளில் 'பரிவர்த்தனை வெற்றி' என்று மூடிவிட்டார்கள். வெற்றி என்பது போனில்தானே! அப்புறம் எழுத்தில் புதிதாகக் கொடுத்தேன்: இது ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தது, கணக்கில் கழிந்தது, பணம் வரவில்லை. கூடவே செயலியில் இருந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண், நேரம், இயந்திரத்தின் மேல் ஒட்டியிருந்த அடையாள எண் எல்லாம் சேர்த்தேன். இவை இருந்தால்தான் அந்த இயந்திரத்தின் பதிவேட்டையும் அன்றைய பண இருப்புக் கணக்கையும் ஒப்பிட முடியும். வராத 5,000 அங்கே மிச்சமாகத் தெரியும்.

14ஆம் தேதி பணம் கணக்குக்கு வந்தது. விஷயம் அத்தோடு முடியவில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், அந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நாம் கேட்காமலே தர வேண்டும். கார்டில்லாமல் எடுப்பதற்கும் இதே விதி பொருந்தும் என்று 2022இல் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கெடு 8ஆம் தேதி. ஆறு நாள் தாமதம், 600 ரூபாய். தானாக வரவில்லை. சுற்றறிக்கைத் தேதியைக் குறிப்பிட்டு இரண்டு முறை எழுதிய பிறகுதான் போட்டார்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

இன்னொன்று. உண்மையான கோடு நாம் தொகையை அழுத்திய பிறகு திரையில்தான் வரும். ஒவ்வொரு முறையும் புதிது. இயந்திரத்தின் மேல் ஸ்டிக்கராக ஒட்டியிருப்பதையோ, யாராவது போனில் காட்டுவதையோ பணம் எடுக்க ஸ்கேன் செய்யாதீர்கள்.

நான் இப்போதும் ஸ்கேன் செய்துதான் எடுக்கிறேன். பின் போட்டதும் போனைப் பார்க்காமல் இயந்திரத்தையே பார்க்கிறேன். சில இயந்திரங்களில் அங்கேயும் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும். பணம் வராவிட்டால் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, கணக்கு இருப்பைப் பார்த்த பிறகுதான் அடுத்த முயற்சி. பின்னால் நிற்பவர்கள் இரண்டு நிமிடம் காத்திருக்கட்டும்.