எம் ஃபார் மதுரையா, மைக்கா?

சாதாரண ஃபோன் லைன் சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலியை வெட்டிவிடும். எஸ்ஸின் சீறலில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது; அதனால் எஸ், எஃப் ஆகிவிடும்.

ஃபோனில் sntd@example.com என்பதை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டுமா? நம்மூர் வழி: சேலம், நாகர்கோவில், திருச்சி, திண்டுக்கல். எதிர்முனைக்குச் சட்டென்று புரியும். ஆனால் கடைசி இரண்டும் ‘தி’தான், T-யா, D-யா என்று குழம்புவார்கள். அங்கே தஞ்சாவூர், டெல்லி என்று மாற்றுங்கள். C-க்குச் சிதம்பரமும் வேண்டாம், எஸ் என்று அடித்துவிடுவார்கள்.

விமானிகளின் வழி: சியரா, நவம்பர், டாங்கோ, டெல்டா. ஒன்றோடொன்று குழம்பாதபடி சோதித்து, 1956-இல் நடைமுறைக்கு வந்தவை. கால் சென்டருக்கு இதுவே மேல். பழகாதவரோ “என்ன டாங்கோ?” என்பார், அவரிடம் ஊர்ப்பெயரே போதும்.