சொந்தக்காரர் ஒப்புதலா, கூட வேலை பார்த்தவர் ஒப்புதலா?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர், லிங்க்ட்இனில் ‘தலைமைப் பண்பு’, ‘குழுப்பணி’ என்று முப்பது திறன் போட்டு, ‘இவருக்கு இந்தத் திறன் உண்டு’ என்று சொந்தக்காரர்களிடம் ஒப்புதல் கேட்கலாம். எண்ணிக்கை ஏறும். ஆனால் ஒப்புதல் தந்தவர் பெயரைத் தட்டினால் கைப்பேசிக் கடைக்காரர் என்று தெரியும். உண்மையான திறனும் சந்தேகத்துக்குள்ளாகும்.

எண்ணெயின் அமில அளவைச் சோதித்தல், மாதிரி எடுத்தல், எக்செல் அறிக்கை என்று நாலைந்தோடு நிறுத்துவதே மேல். அமிலச் சோதனைக்கு, அந்த அளவைக் கண்டறியும் டைட்ரேஷனை நீங்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்த சூப்பர்வைசரிடம் கேளுங்கள். எக்செலுக்கு, அறிக்கையை மாதாமாதம் வாங்கும் கிராணியிடம். “அண்ணே, அமிலச் சோதனைக்கு மட்டும் ஒப்புதல் கொடுங்க” என்று திறனின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிவிடுவார். நேரடி இணைப்பில் உள்ளவர்தான் ஒப்புதல் தர முடியும். பொருந்தாத ஒப்புதல் வந்தால், அந்தப் பெயரை மட்டும் மறைத்துவிடலாம்.