தடிமன் போன பிறகும் அடைத்த காது: எண்ணெயா, மூக்குத் துளியா, பொறுத்திருப்பதா?

போன மாரியில் எங்கள் குடும்பத்தில் இரண்டு காதுகள் அடைத்தன. முதலில் என் இடக்காது. பத்து நாள் கழித்து அத்தானின் வலக்காது. இரண்டுமே தடிமனுக்குப் பிறகு வந்தவை. என்னுடையது ஆறாவது கிழமை தானாகத் திறந்தது. அத்தானுடையது இன்னும் திறக்கவில்லை. அவர் என்னிடம் கேட்டபோது, "பொறுங்க அத்தான், எனக்கும் இப்படித்தான் கிடக்கு" என்று சொன்னவன் நான். அதனால் இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலையானவன் இல்லை. பொறுத்திருப்பதுதான் பெரும்பாலும் சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் எந்தக் காதுக்குப் பொறுத்திருக்கலாம் என்று பார்க்காமல் பொறுத்திருந்தது பிழை.

முதலில் அடைப்பு எங்கே என்று சொல்லிவிடுகிறேன். செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. வளர்ந்தவர்களுக்கு அதன் நீளம் சுமார் மூன்றரை சென்ரிமீற்றர். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது ஒரு கணம் திறந்து உள்ளே காற்றை விடும். தடிமன் வந்தால் அந்தக் குழாயின் தோலும் வீங்கி வழி அடைபடும். அறைக்குள் இருக்கும் காற்றை உடம்பு மெல்ல உறிஞ்சிக்கொள்ள, செவிப்பறை உள்நோக்கி இழுபடும். அப்புறம் நீர் கசிந்து தேங்கும். மூக்கு ஒரு கிழமையில் சரியாகிவிடும், இந்த நீர் வற்றக் கிழமைக்கணக்கில் ஆகும். குழாய் அரைகுறையாகத் திறந்து மூடும்போதுதான் அந்த 'டப்' சத்தம்.

இதைத் தெரிந்துகொண்டால் எண்ணெய் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாமி உள்ளியை நல்லெண்ணெயில் வதக்கி, "ரெண்டு சொட்டு விடு மகன், இரவுக்கே திறந்திடும்" என்று கிண்ணத்தோடு வந்து நின்றார். எண்ணெய் செவிப்பறைக்கு வெளியே நிற்கும், அடைப்போ அதற்கு உள்ளே. காதுக் குறும்பி ஊறிக் காது அடைத்திருந்தால் எண்ணெய் அதை இளக்கும், அது வேறு கதை. பறையில் ஓட்டை இருந்தாலோ காது வடிந்தாலோ விடவே கூடாது. வேது பிடிப்பது மூக்குக்குச் சுகமாகத்தான் இருந்தது. காதில் ஒரு மாற்றமும் இல்லை.

பாமசியில் வாங்கும் மூக்குத் துளிதான் பொறுத்திருப்பதற்கு உண்மையான போட்டி. ஸைலோமெட்டசோலின் போன்ற மருந்துகள் அவை. இரண்டு சொட்டு விட்டால் பத்து நிமிடத்தில் மூக்கு திறக்கும், சிலவேளை காதும் ஒரு தடவை 'டப்' என்று தெளியும். அந்தச் சுகத்துக்காகவே கை திரும்பத் திரும்பப் போத்தலுக்குப் போகும். நான் மூன்று நாள் பாவித்துவிட்டு நிறுத்தினேன். ஐந்து நாளுக்கு மேல் விட்டால் மருந்து இறங்கும் நேரத்தில் மூக்கு முன்னைவிட மோசமாக வீங்கும், அதைத் தீர்க்க மறுபடி மருந்து, இப்படியே போகும். பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் ஒருவர் அந்தப் போத்தலைச் சட்டைப் பையிலேயே கொண்டு திரிந்தார். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, ஏற்கெனவே தேங்கிய நீரை அது வற்றச் செய்வதில்லை. தடிமன் மாத்திரையும் அப்படித்தான், தேங்கிய நீருக்கு அதனால் பயனில்லை என்பது பிள்ளைகளில் செய்த ஆய்வுகளில் தெளிவானது. அலேர்ஜி இருக்கிறவர்களுக்கு டொக்டர் ஸ்டீரொய்ட் மூக்கு ஸ்பிறே எழுதுவார். அது முழுதாக வேலை செய்ய இரண்டு கிழமை வரை எடுக்கும். எனக்கு அலேர்ஜி இல்லை, நான் பாவித்ததும் இல்லை. அதனால் அதைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்ல மாட்டேன்.

நான் தேர்ந்தெடுத்தது பொறுத்திருப்பதைத்தான். ஆனால் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாலைந்து தரம் அந்தக் குழாயைத் திறக்கப் பார்த்தேன். முதலில் மூக்கை மெதுவாகச் சீறிச் சுத்தமாக்க வேண்டும், ஒரு துவாரமாக, மற்றதை மூடிக்கொண்டு. பிறகு இருந்துகொண்டு அரைமூச்சு எடுத்து, வாயை மூடி, மூக்கைப் பிடித்து, கன்னம் உப்பும் அளவுக்கு மட்டும் மெதுவாக ஊத வேண்டும். இரண்டு மூன்று வினாடி போதும். குழாய் திறந்தால் காதுக்குள் ஒரு மெல்லிய வீக்கம் போலத் தெரியும், அல்லது 'கிளிக்' என்று கேட்கும். உடனே மூக்கைப் பிடித்தபடியே ஒரு மிடறு தண்ணீரை விழுங்க வேண்டும். முதல் பத்து நாளும் எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை. கோபத்தில் ஒருநாள் பலமாக ஊதித் தலை சுற்றியதுதான் மிச்சம். பலமாக ஊதுவது பிழை, மூக்கில் மஞ்சள் சளி ஓடும் நாட்களில் ஊதுவதே பிழை, சளியையும் சேர்த்து மேலே தள்ளிவிடலாம். பிள்ளைகளுக்கென்று மூக்கால் ஊதும் பலூன் ஒன்று இருக்கிறது. அதை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

மூன்றாவது கிழமை ஒரு கலியாணத்துக்குப் பதுளை போக வேண்டி வந்தது. பதுளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரம். செங்கலடியில் திரும்பி ஏறும்போது காது பொரிந்துகொண்டே இருந்தது, நோவில்லை. வரும்போது இறக்கத்தில்தான் உயிர் போனது. ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று தானாக வெளியே வழி பார்த்துக்கொள்ளும், இறங்கும்போது வெளிக்காற்றை நாம்தான் உள்ளே எடுக்க வேண்டும், வீங்கிய குழாய் விடாது. பிபிலை வரும்வரை இனிப்பை வாயில் போட்டு விழுங்கிக்கொண்டே வந்தேன். காது அடைத்திருக்கும்போது மலைப்பாதையைத் தள்ளிப் போட முடியுமென்றால் போடுங்கள், விமானம் என்றால் இன்னும் கட்டாயம்.

இனி அத்தானின் காது. எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அவருக்குத் தடிமன் விட்டு இரண்டாம் நாள் காலையில் எழும்பும்போது வலக்காது அடைத்திருந்தது. தனியார் கிளினிக் ஒன்றில் தடிமன் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். யாரும் காதுக்குள் பார்க்கவில்லை. அப்புறம் என் ஆலோசனை. இருபத்து மூன்று நாள் போய்விட்டது. அக்கா சண்டை பிடித்ததால்தான் காது, மூக்கு, தொண்டை டொக்டரை மட்டக்களப்பில் சனல் பண்ணிக் காட்டினோம். நானும் கூடப் போனேன், எனக்கு அது ஐந்தாவது கிழமை.

டொக்டர் அத்தானின் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பறை சுத்தமாக, இயல்பாக இருந்தது. எனக்கு நிம்மதி. டொக்டரின் முகம்தான் மாறியது. இசைக்கவையை முழங்கையில் தட்டி அத்தானின் நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேக்குது?" என்றார். அத்தான் இடப்பக்கத்தைக் காட்டினார், நல்ல காதை. என்னையும் இருக்கச் சொல்லி அதே கவையை என் நெற்றியில் வைத்தார். எனக்கு அடைத்த காதில்தான் கணீரென்று கேட்டது.

வித்தியாசம் அவ்வளவுதான். நடுக்காதில் நீர் நின்றால் வெளிச்சத்தம் குறையும், எலும்பு வழியாக வரும் அதிர்வு அந்தப் பக்கமே கூடிக் கேட்கும். உட்காதோ நரம்போ பழுதானால் அந்தக் காது சரியாக வாங்காது, சத்தம் நல்ல பக்கத்துக்குப் போய்விடும். ஒரு காது மட்டும் அடைத்திருந்தால் வீட்டிலேயே வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பார்க்கலாம் என்றார் டொக்டர். அடைத்த பக்கம் உரத்துக் கேட்டால் பெரும்பாலும் நீர் அல்லது குறும்பி. நல்ல பக்கம் கேட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும். இது உத்தேசக் கணக்குத்தான். சந்தேகம் இருந்தால், முனகல் எந்தப் பக்கம் போனாலும் காட்டுவதே சரி. இரண்டு காதும் அடைத்தால் இந்தப் பரிசோதனையால் ஒன்றும் தெரியாது.

பின்யோசனையில் மற்ற அடையாளங்களும் இருந்தன. என் காது படிப்படியாக அடைத்தது, விழுங்கும்போது ஒரு கணம் தெளிந்து மூடியது, என் குரல் எனக்கே குடத்துக்குள் பேசுவதுபோல முழங்கியது. அத்தானுக்கு ஒரே இரவில் வந்தது. 'டப்' என்ற சத்தமே இல்லை, ஓயாத இரைச்சல் மட்டும். போனை அந்தக் காதில் வைத்தால் ஆள் கதைப்பது கேட்கும், சொல் விளங்காது.

திடீரென்று வரும் இந்த நரம்புக் கேள்விக் குறைவுக்கு ஸ்டீரொய்ட் மாத்திரைதான் முதல் மருந்து. முதல் சில நாட்களில் தொடங்குவது நல்லது, இரண்டு கிழமை தாண்டினால் பயன் வேகமாகக் குறைகிறது. சிலருக்கு மருந்தில்லாமலே திரும்புவதும் உண்டு, அதை நம்பி இருக்க முடியாது. அத்தானுக்கு ஒடியோகிராம் எடுத்து, மாத்திரையும் கொடுத்து, பறை வழியாக ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் வந்தது, போதவில்லை.

எனக்கு டொக்டர் ஒன்றும் எழுதவில்லை. பறைக்குப் பின்னால் தேன் நிறத்தில் நீரும் அதில் இரண்டு குமிழும் தெரிவதாகச் சொன்னார். குமிழ் இருந்தால் காற்று போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். ஊதுவதைத் தொடரச் சொல்லி, ஆறு கிழமை தாண்டினால் வரச் சொன்னார். வளர்ந்தவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் நீர் நின்று போகாவிட்டால் மூக்கின் பின்பக்கத்தைக் கமராவால் பார்க்க வேண்டும், அங்கே கட்டி ஏதும் குழாயை அழுத்துகிறதா என்று.

ஆகவே என் கணக்கு இப்படி. முனகல் நல்ல பக்கம் போனால், ஓரிரு நாளுக்குள் திடீரென்று கேட்காமல் போனால், தலை சுற்றினால், முகம் ஒரு பக்கம் கோணினால், காதுக்குப் பின்னால் வீங்கினால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. கடும் நோவு, காய்ச்சல், காது வடிதல் என்றால் அடுத்த நாளாவது. நீரிழிவு உள்ளவர்கள் காது நோவை ஒருநாளும் தள்ளிப் போடக் கூடாது. இவை எதுவும் இல்லாமல் அடைத்த பக்கமே முழங்கி, விழுங்கும்போது பொரிந்தால், காலண்டரில் ஆறு கிழமை எண்ணலாம், அதுவும் நாளுக்கு நாள் கொஞ்சமாவது தெளிந்தால் மட்டும். மூன்று கிழமையில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் நான் ஆறுவரை நிற்க மாட்டேன். சின்னப் பிள்ளைகளின் கணக்கு வேறு. நீர் மூன்று மாதம்வரை நின்று வற்றுவது சாதாரணம், ஆனால் ரிவியின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள், கூப்பிட்டால் திரும்புகிறார்கள் இல்லை, கதை பிந்துகிறது என்றால் அந்த மூன்று மாதத்துக்குக் காத்திருக்காமல் கேள்விப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

என் காது முப்பத்தெட்டாம் நாள் திறந்தது. வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கொட்டாவி வந்தது, உள்ளே ஏதோ கிழிந்ததுபோல ஒரு சத்தம், பின்வாங்கில் இரண்டு பொடியன்கள் என்னைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது முழுதாகக் கேட்டது. அத்தான் இப்போது சாப்பாட்டு மேசையில் எப்போதும் வலக்கோடியில் இருக்கிறார், எல்லோரும் இடப்பக்கம் வரும்படி.